இப்போதே விலகவும்

கல்முனைச் சந்தைக்கு எதிரே ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு மேசை, ஒரு கணினி, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. ஆசிரியரும் நானும் மட்டும்தான் ஆட்கள். கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் தொழில். ஒரு செய்தி இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. என் மாமிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "ரெண்டு வரி எழுதவா நீ விடிய வெள்ளன வெளிக்கிட்டுப் போறாய்?" என்று பார்க்கும் நேரமெல்லாம் கேட்பார். ரெண்டு வரி எழுதுவதுதான் கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தேன். இருபது பக்கம் எழுதத் தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று நினைத்துச் சிரித்தார்.

அன்றைய கைப்பேசிகளில் பாதிக்கு மேல் தமிழ் எழுத்தைக் காட்டாது. கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். ஒரு குறுஞ்செய்திக்குள் நூற்றறுபது எழுத்து அடங்கும். அதைத் தாண்டினால் செய்தி இரண்டு துண்டாகிப் போகும், பின்துண்டு முன்னால் வந்து வாசிப்பவரின் தலையைச் சுற்ற வைக்கும். எனவே இருபது சொல் என்பது எங்கள் பெருந்தன்மை இல்லை, இட நெருக்கடி.

ஆசிரியர் முன்பு காப்புறுதி முகவராக இருந்தவர். ஆட்களைப் பயமுறுத்தி ஒரு காலம் பிழைத்தாயிற்று, இனி அது வேண்டாம் என்று தானே சொல்லுவார். நான் எழுதுவதை உரத்து வாசிப்பார். 'பாரிய', 'கோர', 'பரபரப்பு' எல்லாவற்றையும் மீனுக்குச் செதில் எடுப்பதுபோல் சுரண்டி எறிவார். "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவன் வாசிக்கிறான் எண்டு நினைச்சு எழுது" என்பார். யார் சொன்னது என்பது கட்டாயம் இருக்க வேண்டும். அது யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்களுக்குப் படிந்த பழக்கம். அப்போது இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நாங்கள் போய்ப் பார்க்க முடியாது. பார்த்த மாதிரி எழுதவும் மாட்டோம். யுத்தம் முடிந்த அன்று நாங்கள் அனுப்பியது நாலே சொல்: 'யுத்தம் முடிந்தது: அரசு அறிவிப்பு.' அன்று சில தெருக்களில் வெடி கொளுத்தினார்கள், சில தெருக்களில் கதவைச் சாத்தினார்கள். அந்த நாலு சொல்லும் இரண்டு தெருவுக்கும் போனது. ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எங்கள் செய்தியை என்னைவிடக் கவனமாக வாசித்த ஒருவர் என் ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா.

ராத்தா மருதமுனையில், கடலிலிருந்து மூன்றாவது வீட்டு வளவில் இருந்தார். சுனாமி அவருடைய ஒரே மகளைக் கொண்டு போனது. அன்று காலையில் யாரோ வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் "கடல் வருது" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். விடுமுறை நாள், பொடியன்மார் விளையாட்டு என்று ராத்தா நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு கடல் வருகிறது என்று எந்த வாய் சொன்னாலும் ஓடினார். அந்த வருடங்களில் எங்கள் கரை முழுக்க அப்படித்தான் ஓடியது. மாதம் ஒரு வதந்தி வரும். சோற்றுப் பானை அடுப்பில் இருக்கும், ஆட்கள் வெளிக்கிட்டுவிடுவார்கள். அப்படி ஓடிய ஒரு பொய்ச் சத்தத்தில்தான் ராத்தாவும் அவருடைய கணவரான என் மச்சானும் போன மோட்டார் சைக்கிளைப் பின்னால் வந்த லொறி தட்டியது. ராத்தாவுக்குக் கையில் சிராய்ப்பு. மச்சானுக்கு முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் படுக்கையில் விழுந்தார்.

அதோடு ராத்தா ஓடுவதை நிறுத்தினார். மச்சானைத் தூக்க நாலு பேர் வேண்டும். கத்துகிறவனுக்கெல்லாம் நாலு பேரைத் தேட ஏலாது. "இனி உன்ட மெசேஜ் வந்தாத்தான் நான் அசைவன்" என்று ஒருநாள் சொன்னார். "ரேடியோவும் கேளு ராத்தா" என்றேன். "ரேடியோ இஞ்ச எங்க இழுக்குது? நீ எழுதினா பொய் இரிக்காது" என்றார். சமையல் மேடையில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பார். சந்தையில் தீ, மின்வெட்டு, பாலம் மூடல் எதுவானாலும் வாசித்துவிட்டு மச்சானுக்குச் சொல்லுவார். மச்சான் அதைப் பெரிய எழுத்துத் தலைப்பாக மாற்றி, செய்தி வாசிப்பவரின் குரலில் திரும்பச் சொல்லி அவரைச் சிரிக்க வைப்பார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு மத்தியானம் லுகர் தொழுதுவிட்டு வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் தண்ணீர் ஆடியது. நான் மேசையை ஆட்டுகிறேன் என்று ஆசிரியர் முறைத்தார். பிறகு இரண்டு பேரும் மின்விசிறியின் கம்பியைப் பார்த்தோம், அதுவும் ஆடியது. கீழே மருந்துக் கடைத் தொலைக்காட்சியில் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். சுமாத்திராப் பக்கம் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம். சற்றைக்கெல்லாம் கொழும்பிலிருந்து அரசின் எச்சரிக்கை வந்தது. எல்லாக் கரையோரத்துக்கும் சுனாமி எச்சரிக்கை. கரையில் இருப்பவர்கள் விலக வேண்டும்.

எனக்குச் சோறு கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவாமலே உட்கார்ந்து எழுதினேன். அதற்குள் ஆசிரியரின் கைப்பேசிக்கு நாலு பக்கத்திலிருந்தும் கதை வரத் தொடங்கியது. பொத்துவிலில் கடல் உள்வாங்கிவிட்டது என்றது ஒன்று. அறுகம்பேயில் அலை ஏறிவிட்டது என்றது இன்னொன்று. ஆசிரியர் அறுகம்பேயில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் தன் கூட்டாளியைக் கூப்பிட்டார். இரண்டு மூன்று தரம் முயன்று ஒருவழியாகக் கிடைத்தது.

"கடல் என்ன மாதிரி?" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "கடல் கிடந்த மாதிரிக் கிடக்காம். வெள்ளக்காரனுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறிட்டானுகளாம். அலை ஏறினது பொய்."

நான் முதலில் நிலநடுக்கத்தை வைத்து எழுதியிருந்தேன். ஆசிரியர் மாற்றச் சொன்னார். கைப்பேசித் திரையில் திறக்காமலே தெரிவது முதல் சில சொற்கள்தான். சுமாத்திராவை வாசித்துவிட்டு ஒருத்தன் பேசாமல் இருந்துவிடுவான். எச்சரிக்கைதான் முன்னால் வர வேண்டும். அப்புறம் கடைசி வாக்கியத்தில் எங்களுக்குள் தகராறு.

"அலை இன்னும் பதிவாகவில்லை எண்டு போட்டா எவன் எழும்புவான்?" என்றார்.

"போடாட்டி வந்திட்டுது எண்டு நினைச்சு றோட்டில மிதிபட்டுச் சாவானுகள்" என்றேன். மச்சானை நினைத்துத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு மூச்சில் உரத்து வாசித்துப் பார்த்தார். 'இலங்கைக் கரைக்கு சுனாமி எச்சரிக்கை: அரசு. கரையோரத்தவர் இப்போதே விலகவும். சுமாத்திராக் கடலில் நிலநடுக்கம். அலை இன்னும் பதிவாகவில்லை.' இருபதுக்குள் அடங்கியது, ஒரு சொல்லும் வீணில்லை. "சரி, அனுப்பு" என்றார். அனுப்பினேன். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

நேரம் போடவில்லை. நாங்கள் எந்தச் செய்திக்கும் நேரம் போடுவதில்லை. செய்தி சுடச்சுடப் போய்ச் சேரும், கைப்பேசியே நேரத்தைக் காட்டும், அதற்கு எதற்கு இடத்தைச் செலவழிப்பது என்பது எங்களைப் போன்ற எல்லாருடைய வழக்கமுமாக இருந்தது.

'அனுப்பப்பட்டது' என்றால், கொழும்பில் உள்ள தொலைபேசி நிறுவனத்தின் இயந்திரம் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம். ஆளின் கையில் கிடைத்தது என்று அர்த்தமில்லை. சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுதான். அன்று நாடு முழுக்க ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தூக்கியது. என் சொந்தக் கைப்பேசியும் எங்கள் வாடிக்கைப் பட்டியலில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது பேசவில்லை. ஆசிரியருடையதும் பேசவில்லை. ராத்தாவுக்கு அழைத்தேன். இணைப்பே இல்லை. திரும்ப அழைத்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எச்சரிக்கை வந்ததற்காக இல்லை. ராத்தா அந்த மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று.

ஆசிரியரிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கினேன். பிரதான வீதி முழுக்க சனம். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் தெற்கே வந்து, கிட்டங்கிப் பக்கம் மேற்கே திரும்பி, கடலுக்குத் தூரமான நாவிதன்வெளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் வடக்கே போனேன். பாண்டிருப்பில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, "தம்பி, அங்கால போகாதீங்க" என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போனேன். இன்றும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது.

மருதமுனையின் அந்த முனையில் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசாமல் கிடந்தது. பொலிஸ் ஜீப் பிரதான வீதியோடு போய்விட்டது. ஒழுங்கையில் ஒரு செருப்பும், கவிழ்ந்த ஒரு வாளியும் கிடந்தன. கடல் தன் பாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

ராத்தா மச்சானின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் கைப்பேசி.

"எல்லாரும் போய்ட்டாங்க தம்பி" என்றார். குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பக்கத்து வளவுக்காரி வந்து இழுத்தா. நான்தான் உன்ட மெசேஜைப் பாத்துக்கொண்டிரிக்கன். இன்னம் வரல்ல. அப்ப இது பொய்தானே?"

"உண்மை ராத்தா! நான் எப்பவோ அனுப்பிட்டன்!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக அவரிடம் நான் பேசியதே இல்லை.

ராத்தா கைப்பேசியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி எழும்பினார். மச்சான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "நான் அப்பவே சொல்லிட்டன், நீ போ புள்ள எண்டு. கேக்கிறாளா? தம்பி, இவளக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

"வாயப் பொத்துங்க" என்றார் ராத்தா.

நாங்கள் இரண்டு பேராக அவரைத் தூக்க முடியவில்லை. நான் பிரதான வீதிக்கு ஓடினேன். நெல் மூட்டை இறக்கிவிட்டு வெறும் இழுவைப் பெட்டியோடு திரும்பிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நடுவீதியில் நின்று மறித்தேன். நாவிதன்வெளிக்காரர், திருநீறு பூசிய நெற்றி. எச்சரிக்கை தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் கடலை நோக்கி வண்டியைத் திருப்பினார். அதற்காக அவருக்கு நான் இன்றும் துஆ செய்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து மச்சானை மெத்தையோடு பெட்டிக்குள் இழுத்துப் போட்டோம். ராத்தா மெத்தையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கடல் பக்கம் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார். கிட்டங்கி வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓதுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டேன். மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாவிதன்வெளியில் ஒரு பாடசாலை மைதானத்தில் மரத்துக்குக் கீழே இறக்கினோம். அலை வரவில்லை. பின்னேரம் அரசு எச்சரிக்கையை நீக்கியது. மைதானத்தில் யாருடையதோ வானொலியில் கேட்டோம். கொஞ்ச நேரத்தில் ராத்தாவின் கைப்பேசி சிணுங்கியது. ஆசிரியர் தனியாக இருந்து எழுதி அனுப்பியது: 'சுனாமி எச்சரிக்கை நீக்கம்: அரசு. கரையோரத்தவர் வீடு திரும்பலாம்.' ராத்தா அதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினார். அன்று முதல் தடவையாக அழுதார். மச்சான் செய்தி வாசிப்பவர் குரலை எடுக்கப் பார்த்தார், முதல் சொல்லோடு விட்டுவிட்டார்.

அதே லேண்ட்மாஸ்டரில் திரும்பினோம். மச்சானைக் கட்டிலில் கிடத்தி, ராத்தா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கைப்பேசி மறுபடி சிணுங்கியது. ராத்தா எடுத்துப் பார்த்தார்.

"தம்பி. விலகச் சொல்லுது."

வாங்கிப் பார்த்தேன். நான் மத்தியானம் எழுதியது. கொழும்பு இயந்திரத்தின் வரிசையில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டு, நீக்கச் செய்திக்கும் பின்னால் வந்திருந்தது. கைப்பேசி அதற்குப் போட்டிருந்த நேரமும் இப்போதைய நேரம்தான். வரிசையில் நின்றது அதற்குத் தெரியாது.

"இது பழசு ராத்தா. முடிஞ்சு போனது."

"இப்போதே எண்டு போட்டிரிக்கே."

"அது மத்தியானத்து 'இப்போதே'."

"எழுதினது நீதானே?"

"ஓம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை நம்புவதா, நான் எழுதியதை நம்புவதா என்று தெரியாமல் நின்றார். நான் முன்னால் நிற்கிறேன், வாயால் சொல்கிறேன். ஆனால் இத்தனை வருடமும் அவர் எவர் வாயையும் நம்பாமல் விட்டது யாருடைய எழுத்துக்காக? அதற்குள் ஒழுங்கையில் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளர் பலர். எல்லாருடைய கைப்பேசியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பாத்திரம் கழுவத் தொடங்கிய பெண்கள், கதவைத் திறந்து வைத்த ஆண்கள், எல்லாரும் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். நான் வாசலில் நின்று "பழைய மெசேஜ், பழைய மெசேஜ்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்துகிறவனை யார் நம்புவார்கள்? ஒரு கிழவர் விழுந்து எழும்பி, என்னைத் தள்ளிவிட்டு ஓடினார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ராத்தா மச்சானின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக. மச்சான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "விடு புள்ள, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் நான் கட்டிப் பிடித்து உட்கார வைத்தேன். ஒழுங்கை அடங்கும்வரை அப்படியே இருந்தோம்.

மறுநாள் ஆசிரியர் கணினியில் உட்கார்ந்து, எங்கள் எல்லாச் செய்தியின் தலையிலும் எழுதிய நேரம் வரும்படி செய்தார். 'இப்போது', 'இன்னும்', 'இன்று' மூன்றும் அன்றோடு எங்கள் அறையில் இல்லை. எங்கள் செய்தி ஒன்றிலும் பிழை இல்லை என்று அவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். உண்மைதான். ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிழை இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகலில் மறுபடி புரளி கிளம்பியது. கடற்கரையில் யாரோ எதையோ பார்த்தார்களாம். ஆசிரியர் கொழும்புக்கு எடுத்தார், அறுகம்பேக்கு எடுத்தார். எச்சரிக்கை ஒன்றும் இல்லை. நான் எழுதினேன். நேரம் முன்னால். 'கடல் வருவதாகப் பரவுவது வதந்தி. சுனாமி எச்சரிக்கை எதுவும் இல்லை: அரசு.' அன்று தொலைபேசி வலையில் நெருக்கடி இல்லை. என் கைப்பேசி உடனே சிணுங்கியது. நிம்மதியாக இருந்தது. ராத்தாவுக்கும் போயிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ராத்தா கூப்பிட்டார். பின்னால் லேண்ட்மாஸ்டர் இரைச்சல்.

"ராத்தா, எங்க நிக்கிறீங்க?"

"கிட்டங்கி தாண்டிட்டம். மச்சானும் இரிக்காரு. அந்த நாவிதன்வெளிக்காரர்ட நம்பரை வாங்கி வெச்சிரிந்தன். சத்தம் கேட்டதும் அவருக்குத்தான் முதல்ல எடுத்தன். தூக்க ரெண்டு பொடியனுகளையும் கூட்டிக்கிட்டு வந்தாரு."

"மெசேஜ் வரல்லியா?"

"வந்திச்சி. வாசிச்சன். நேரமும் போட்டிரிக்காய்."

"அப்ப திரும்புங்களேன். அது வதந்தி ராத்தா."

இரைச்சலுக்குள் மச்சான் ஏதோ சொல்ல, ராத்தா பொறுங்க என்றார்.

"நீ எழுதினா பொய் இரிக்காது தம்பி. அது எனக்குத் தெரியும்" என்றார் ராத்தா. "ஆனா அது எப்ப வந்து சேரும் எண்டு உனக்கே தெரியாதே. நாங்க போய்ட்டு மறுகா வாறம்."